மறைந்த ஓரங்கள்: முடிக்கும் வாருக்கும் கட்டிய கைக்கும் அடியில் ஒரு சட்டையை மாற்றுவது

ஒரு புகைப்படத்தில் இருப்பவரின் சட்டையை வேறொருவர் ஃபோட்டோஷாப்பில் மாற்றி, வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிய ஒரு ஃபைல் சரிசெய்ய வந்தது. கூடவே வந்த குறிப்பு ஒரே வரிதான்: "சட்டை ஒட்டவைத்த மாதிரி இருக்கிறது, ஆனால் எங்கே தப்பு என்று சொல்லத் தெரியவில்லை." உடை மாற்றும் வேலையில் இப்படித்தான் குறிப்பு வரும். பார்ப்பவருக்கு ஏதோ உறுத்தும், விரலை வைத்துக் காட்டத் தெரியாது. காட்டுவது நம் வேலை.

படத்தைச் சொல்லிவிடுகிறேன். வெளிர் சாம்பல் பின்னணியில் ஒரு பெண் நிற்கிறார், இடுப்புக்குக் கொஞ்சம் கீழே வரை தெரிகிறது. அரக்குச் சிவப்பில் ஒரு முழுக்கை, வட்டக் கழுத்து, மெல்லிய பருத்தி. கருமையான நீள முடியை விரித்துவிட்டிருக்கிறார், அதில் ஒரு கற்றை நமக்கு வலப்பக்கத் தோள் மேலாக முன்னால் விழுகிறது. நமக்கு இடப்பக்கத் தோளிலிருந்து ஒரு பழுப்புத் தோல் வார் மார்பைக் குறுக்கே கடந்து எதிர்ப்பக்க இடுப்புக்குப் போகிறது. கைகளைக் கட்டிக்கொண்டிருக்கிறார், ஆகவே வார் நடுவில் கைக்கு அடியில் மறைந்து மறுபடி கீழே வெளிவருகிறது. வெளிச்சம் நமக்கு இடப்பக்க மேலிருந்து. மாற்ற வேண்டியது: இந்த அரக்குக்குப் பதில் காலர் வைத்த வெளிர்நீலச் சட்டை, அதுவும் முழுக்கைதான். அந்தச் சட்டையைப் பொம்மைக்குப் போட்டு, கைகள் தொங்கும் நிலையில், ஏறக்குறைய இதே வெளிச்சத்தில் எடுத்த ஒரு படம் தனியாக இருந்தது.

இந்த வகைப் படங்களில் கஷ்டம் மூன்று இடத்தில் ஒன்றாகக் கூடும்: முடி, வார், கை. மூன்றும் சட்டையின் ஓரத்தை மறைக்கின்றன, ஆனால் மூன்றும் மறைக்கும் விதம் வேறு. அதோடு இருட்டான துணியிலிருந்து வெளிர் துணிக்குப் போவது என்பதால், பழைய துணியின் மிச்சம் எங்கே ஒரு பிக்சல் இருந்தாலும் பளிச்சென்று தெரியும். வெளிரிலிருந்து இருட்டுக்குப் போயிருந்தால் பாதித் தப்பு தானாக மறைந்திருக்கும்.

திறந்து பார்த்தபோது

ஃபைலில் இரண்டே லேயர்கள். கீழே மூலப்படம், மேலே புதுச் சட்டை, அதில் எது தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்று தீர்மானிக்க ஒரு மாஸ்க். முடி வரும் இடம், வார் வரும் இடம், உள்ளங்கையும் விரல்களும் வரும் இடம் எல்லாவற்றிலும் சட்டையின் மாஸ்க்கை ஓட்டை போட்டிருந்தார்கள். அந்த ஓட்டைகள் வழியாகக் கீழே இருக்கும் மூலப்படத்தின் முடியும் வாரும் கையும் எட்டிப் பார்க்கின்றன. பெரும்பாலானவர்கள் முதலில் செய்வது இதுதான், வேகமும் இதில்தான். நேரான, கூர்மையான ஓரம் உள்ள ஒரு பொருள் சட்டையை மறைத்தால் இதுவே போதும் என்பேன்.

ஆனால் இங்கே இதனால் இரண்டு சிக்கல். ஒன்று, ஓட்டையின் ஓரம் சரியாக முடியின் ஓரத்திலேயே விழ வேண்டும். ஒரு பிக்சல் அகன்றால் அரக்கு எட்டிப் பார்க்கும், ஒரு பிக்சல் குறுகினால் முடி சாப்பிடப்படும். இடையில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. இரண்டாவது இன்னும் மோசம்: சட்டை துண்டு துண்டாகிவிடுவதால், மறைந்த இடத்தில் அதன் ஓரம் எங்கே போகிறது என்று யாரும் யோசிக்கவில்லை. வாருக்கு மேலே பட்டன் பட்டி ஒரு கோட்டில் இறங்குகிறது, வாருக்குக் கீழே வேறொரு கோட்டில் தொடர்கிறது. அக்குளிலிருந்து இறங்கும் பக்கவாட்டு ஓரம் முழங்கைக்குக் கீழே வெளிவரும்போது ஒரு விரல் அகலம் உள்ளே தள்ளி இருக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாத் துண்டும் ஒழுங்கு. சேர்த்துப் பார்த்தால் அப்படி ஒரு உடல் உலகத்தில் இல்லை. வாடிக்கையாளருக்கு உறுத்தியதில் பாதி இது.

ஆகவே ஓட்டை போடுவதை விட்டுவிட்டு, மாற்றி அடுக்கினேன். சட்டை முழுசாக, எதுவும் மறைக்காதது போல, கீழே. முடி, வார், கை ஒவ்வொன்றும் மூலப்படத்திலிருந்து தனி லேயராக எடுக்கப்பட்டு அதன் மேலே. இப்படிச் செய்தால் சட்டையின் ஓரம் மறைக்கும் பொருளுக்கு அடியில் தாராளமாக நுழைந்துகொள்ளலாம். துல்லியம் வேண்டியது மேலே இருக்கும் பொருளின் ஓரத்துக்கு மட்டும்தான், அந்த ஓரத்தைக் கொஞ்சம் உள்ளே இழுத்தாலும் அடியில் சட்டை இருக்கிறது, ஓட்டை தெரியாது.

முதல் வேலையாகப் பென் டூலில் சட்டையின் முழு வெளிக்கோட்டை வரைந்தேன். தெரியும் இடத்தில் பார்த்து, மறைந்த இடத்தில் ஊகித்து: கழுத்து, தோள், அக்குள், முழங்கைக்குப் பின்னால் மறைந்து போகும் பக்கவாட்டு ஓரம், இடுப்பு. கையைக் கண்டுகொள்ளாமல் அக்குளிலிருந்து இடுப்பு வரை ஒரே வளைவு. புதுச் சட்டை பழையதைவிடக் கொஞ்சம் தொளதொளப்பு என்பதால் அந்த வளைவு வெளிப்பக்கமாகத்தான் போனது. அது அதிர்ஷ்டம். புது உடை இறுக்கமாக இருந்திருந்தால் இடுப்புப் பக்கம் பின்னணியைப் புதிதாக உருவாக்க வேண்டி வந்திருக்கும். வெறும் சாம்பல் சுவர் என்றால் பரவாயில்லை, பின்னால் மரமும் ஜன்னலும் இருந்தால் அது தனி வேலை.

முடி

முடியில் எல்லோரும் தேடுவது துல்லியமான கட்டிங். Select and Mask போய் ஓரத்தைத் தேய்த்தால் ஓரளவு இழைகள் கிடைக்கும். ஆனால் கருமுடியும் அரக்குத் துணியும் இரண்டுமே இருட்டு, அதனால் அந்தக் கருவி குழம்பி, துணியின் மடிப்பு நிழலையும் முடி என்று எடுத்துக்கொள்ளும். இந்தப் படத்தில் அப்படித்தான் நடந்திருந்தது. தோள் பக்கம் முடியே இல்லாத இடத்தில் புகை மாதிரி ஒரு கறை.

இங்கே உதவுவது சேனல்கள்தான், அதாவது படத்தின் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகப் பார்ப்பது, ஒவ்வொன்றும் 0 என்றால் கருப்பு, 255 என்றால் முழு வெளிச்சம். படத்தில் துணியை அளந்தால் ஏறத்தாழ சிவப்பு 110, பச்சை 25, நீலம் 35. முடி 35, 28, 25. பச்சை சேனலிலும் நீல சேனலிலும் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. சிவப்பு சேனலில் மட்டும் 110-க்கும் 35-க்கும் இடையே நல்ல இடைவெளி. வழக்கமாக முடிக்கு நீல சேனலைத்தான் எடுப்பார்கள், வெளிர் பின்னணியில் அது சரியாகவும் வரும், ஆனால் சிவப்புத் துணி மேல் விழும் முடிக்கு அது ஒன்றுக்கும் உதவாது. சிவப்பு சேனலை நகல் எடுத்து, Levels கொண்டு துணியை வெள்ளையாக்கி, முடியைக் கருப்பாக்கி, அப்புறம் தலைகீழாக்கினால் முடி வெள்ளையாகவும் மற்றதெல்லாம் கருப்பாகவும் ஒரு மாஸ்க் கிடைக்கிறது. முடியின் பளபளப்பு விழும் இடங்கள் சிவப்பு சேனலிலும் வெளிச்சமாக இருப்பதால் அங்கெல்லாம் மாஸ்க்கில் ஓட்டை விழும், அதைக் கையால் பூசி நிரப்ப வேண்டும். துணியின் ஆழமான மடிப்புகள் எதிர்ப்பக்கத் தப்பைச் செய்யும், அவற்றைக் கையால் அழிக்க வேண்டும். பிரஷ்ஷை Overlay முறையில் வைத்துக்கொண்டால் ஏற்கெனவே வெளிச்சமானது இன்னும் வெளிச்சமாகும், இருட்டானது இருட்டாகும், நடுவில் இருக்கும் மெல்லிய இழைகள் பெரிதாகக் கெடாது.

மாஸ்க் சரியாக வந்த பிறகும் முடியைச் சுற்றி ஒரு செம்பழுப்பு விளிம்பு தெரியும். இதைப் பார்த்ததும் மாஸ்க்தான் தப்பு என்று நினைத்து அதையே மறுபடி மறுபடி சுருக்குகிறார்கள், இழைகள் எல்லாம் போய் முடி ஒட்டுமுடி மாதிரி ஆகிவிடுகிறது. தப்பு மாஸ்க்கில் இல்லை, நிறத்தில் இருக்கிறது. ஒரு மெல்லிய இழையை எடுத்துக்கொள்வோம். அது ஒரு பிக்சலைப் பாதிதான் நிரப்புகிறது, மீதிப் பாதி பின்னால் இருக்கும் துணி. ஆகவே மூலப்படத்தில் அந்த பிக்சலின் சிவப்பு 35-க்கும் 110-க்கும் நடுவில், சுமார் 72. மாஸ்க் மிகச் சரியாக "பாதி" என்கிறது. இப்போது அந்த பிக்சலைப் பாதி ஒளிபுகும்படி வெளிர்நீலத்தின் மேல் வைக்கிறோம். வெளிர்நீலம் 200, 215, 230 என்று வைத்துக்கொண்டால் கிடைப்பது சுமார் 136, 121, 130. மூன்றில் சிவப்புதான் பெரிது, ஆகவே அழுக்கு இளஞ்சிவப்பாகத் தெரிகிறது. நிஜத்தில் கருமுடி பாதி, நீலம் பாதி என்றால் 118, 122, 128 வந்திருக்க வேண்டும். பச்சையும் நீலமும் கிட்டத்தட்ட சரி, சிவப்பு மட்டும் 18 புள்ளி கூட. அந்த 18 புள்ளிதான் முடியைச் சுற்றித் தெரிந்த விளிம்பு. மாஸ்க் பழைய துணியைப் பாதிதான் நீக்கியது, பிக்சலுக்குள் கலந்துபோன மீதி கூடவே வந்துவிட்டது.

Decontaminate Colors என்ற பெட்டியை டிக் செய்தால் மென்பொருள் இதைச் சரிசெய்யப் பார்க்கும், எளிய படங்களில் போதும். இந்தப் படத்தில் அது நெற்றியோரத் தோல் நிறத்தை இழைக்குள் இழுத்துவிட்டது. நான் செய்தது: முடியின் தடித்த பகுதிக்கு மூலப்படத்தின் பிக்சல்களையே வைத்துக்கொண்டு, ஓரத்து மெல்லிய இழைகளுக்கு மூல பிக்சல்களைப் பயன்படுத்தவே இல்லை. பக்கத்துத் தடித்த முடியிலிருந்து எடுத்த நிறத்தில் ஒரு வெற்று லேயர், அதற்கு அந்த சிவப்பு சேனல் மாஸ்க். இழையின் வடிவம் படத்திலிருந்து வருகிறது, நிறம் நாம் கொடுப்பது. வெளிச்சம் படும் பக்கத்துக்குக் கொஞ்சம் பழுப்பு கூட்டி, நிழல் பக்கத்துக்குக் குறைத்து, இரண்டு மூன்று நிறம் மாற்றிப் பூசினால் போதும். இழை ஒன்றோ இரண்டோ பிக்சல் அகலம்தான், அதற்குள் யாரும் பளபளப்பைத் தேடுவதில்லை.

காலர் வந்ததால் முடியில் இன்னொரு விஷயமும் சேர்ந்தது. வட்டக் கழுத்துக்கு முடி முழுவதும் ஒரே லேயராக மேலே இருந்தால் சரி. காலர் அப்படி இல்லை. கழுத்துக்குப் பின்னால் தொங்கும் முடிக்கு முன்னால் காலர் வர வேண்டும், முன்தோளில் விழும் கற்றைக்குப் பின்னால் போக வேண்டும். ஆகவே முடியையே பின்முடி, முன்முடி என்று இரண்டாகப் பிரித்தேன். திரும்பி வந்த ஃபைலில் பின்முடியும் காலர் மேலேயே கிடந்தது, காலர் கழுத்துக்குள் புதைந்தது போல் இருந்தது. முன்கற்றைக்கு அடியில் காலரின் ஒரு முனை முழுக்க மறைந்துபோகிறது என்றாலும் அதையும் முழுதாகச் செய்து வைத்தேன். இழைகளுக்கு நடுவில் இரண்டு மூன்று இடைவெளி இருக்கிறது, அங்கே காலரின் ஓரம் துளித் துளியாகத் தெரியும், தெரியாவிட்டால் காலர் பாதியில் நின்றுபோனது போல் இருக்கும். எதிர்ப்பக்க காலரைக் கண்ணாடி மாதிரி திருப்பி வைத்தால் வடிவம் கிடைத்துவிடும், வெளிச்சம் மட்டும் தலைகீழாக இருக்கும், அதை Curves-இல் மாற்ற வேண்டும்.

வார்

வாருக்குக் கட்டிங் சுலபம். நேரான ஓரம், பென் டூல், ஒரு பிக்சல் உள்ளே தள்ளி, அரை பிக்சல் மென்மை, முடிந்தது. மென்மையே இல்லாமல் கத்தி போல வெட்டினால் படத்தில் வேறெந்த ஓரமும் அவ்வளவு கூர்மையாக இருக்காது, அதனால் வார் மட்டும் தனியாகத் துருத்தும்.

வெட்டுவது அல்ல, அது துணியோடு என்ன செய்கிறது என்பதுதான் வாரின் கதை. பையின் கனம் வாரை இழுக்கிறது, வார் துணியை அமுக்குகிறது. மூலப்படத்தில் அரக்குத் துணியில் வாரின் இரு பக்கமும் சின்னச் சின்ன மடிப்புகள் வாரை நோக்கி ஓடி வருகின்றன, தோளில் அதிகம், மார்புக்கு நடுவில் குறைவு. வாரின் கீழ்ப்பக்க ஓரத்தை ஒட்டி ஒரு மெல்லிய நிழல். பொம்மைக்குப் போட்ட சட்டையிலோ வாரும் இல்லை, பையும் இல்லை, துணி அப்படியே தட்டையாகக் கிடக்கிறது. அதன் மேல் வாரை எவ்வளவு துல்லியமாக வைத்தாலும் ஸ்டிக்கர்தான்.

மடிப்புகளை மூலப்படத்திலிருந்தே கடன் வாங்கலாம். வாரின் இரு பக்கமும் அதன் அகலத்துக்கு இரண்டு மடங்கு அளவுக்குத் துணியை எடுத்து, மறுபடியும் சிவப்பு சேனலை மட்டும் வைத்து (மற்ற இரண்டிலும் வெறும் இருட்டு), சமமான துணிப் பகுதி நடுச் சாம்பலாக வரும்படி வெளிச்சத்தை உயர்த்தி, Soft Light முறையில் புதுச் சட்டை மேல் வைத்தேன். மடிப்பின் மேடு வெளிச்சமாகவும் பள்ளம் நிழலாகவும் புதுத் துணிக்கு வந்துவிடுகிறது. எச்சரிக்கை ஒன்று: இருட்டுத் துணியை இப்படி உயர்த்தும்போது அதில் ஒளிந்திருந்த புள்ளிப் புள்ளி இரைச்சலும் ஜேபெக் கட்டங்களும் சேர்ந்து உயரும். லேசாக மங்கலாக்கி, பிறகு புதுச் சட்டையின் இழையமைப்பை அதன் மேல் தெரியவிட வேண்டும். அளவும் குறைக்க வேண்டும். மெல்லிய பருத்தியில் வார் பத்து மடிப்பு போடும் இடத்தில் கொஞ்சம் விறைப்பான சட்டைத் துணி மூன்று நான்குதான் போடும். நான் பெரியவற்றை மட்டும் விட்டுவைத்து மற்றதை அழித்தேன்.

நிழலுக்குத் தனியாக Multiply லேயர். கருப்பு வேண்டாம், வெளிர்நீலத் துணியின் நிழல் கருநீலச் சாம்பலாகத்தான் இருக்கும். வெளிச்சம் இடப்பக்க மேலிருந்து வருவதால் வாரின் கீழ்ப்பக்க ஓரத்தில் மட்டும், ஓரத்தை ஒட்டி நான்கைந்து பிக்சலுக்கு அடர்த்தியாக, அதைத் தாண்டி மென்மையாகக் கரைந்துபோகும்படி. திரும்பி வந்த ஃபைலில் டிராப் ஷேடோ கொடுத்திருந்தார்கள், அது வாரின் நீளம் முழுக்க ஒரே அகலத்தில் ஓடியது. தோளில் வார் துணியோடு ஒட்டி அமுங்கியிருக்கிறது, மார்புக்குக் கீழே கொஞ்சம் தூக்கி நிற்கிறது. ஒட்டிய இடத்தில் நிழல் ஒல்லியாக அடர்த்தியாக, தூக்கிய இடத்தில் அகலமாக வெளிறி இருக்க வேண்டும். அந்த வித்தியாசம் இல்லாததால்தான் வார் துணிக்கு மேல் ஒரே உயரத்தில் மிதந்தது.

பட்டன் பட்டி விலகியிருந்ததைச் சொன்னேன் அல்லவா, அதைச் சரிசெய்யும்போது ஒரு வேடிக்கை. சாய்வான ஒரு பட்டைக்குப் பின்னால் ஒரு நேர்கோடு போய் மறுபக்கம் வெளிவந்தால், அது உண்மையில் நேராகவே இருந்தாலும் நம் கண்ணுக்கு விலகியது போலத் தெரியும். பொகன்டார்ஃப் என்ற ஜெர்மன் இயற்பியலாளர் 1860-இல் கவனித்துச் சொன்ன கண்மாயம் இது, அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். கோடும் பட்டையும் எவ்வளவு சாய்வாகச் சந்திக்கின்றனவோ அவ்வளவு அதிகம் ஏமாற்றும். பட்டன் பட்டியும் வாரும் சந்திப்பது இதே அமைப்புதான். ஆகவே கண்ணை நம்பி நகர்த்தக் கூடாது. வார் லேயரை அணைத்துவிட்டு, முழுச் சட்டையில் பட்டி ஒரே கோட்டில் இறங்குகிறதா என்று பார்த்து, அப்புறம் வாரைப் போட வேண்டும். போட்ட பிறகு விலகினது போலத் தெரிந்தால் தெரியட்டும், நிஜப் புகைப்படத்திலும் அப்படித்தான் தெரியும். வார் இழுக்கும் திசையில் ஒரு நூல் அளவு Liquify-இல் தள்ளிவிடலாம். அதுவும் உண்மையில் நடப்பதுதான். கோடுபோட்ட சட்டையாக இருந்திருந்தால் இதைக் கட்டாயம் செய்திருப்பேன், வாருக்கு அடியில் எல்லாக் கோடும் ஸ்கேல் வைத்த மாதிரி போனால் துணி மேல் கனமே இல்லை என்று ஆகிவிடும்.

கட்டிய கைகள்

முடியும் வாரும் வேறு பொருள்கள், சட்டைக்கு மேல் இருக்கின்றன. முழுக்கைச் சட்டையில் கை அப்படி இல்லை. மறைப்பதும் சட்டைதான், மறைவதும் சட்டைதான். ஆகவே "கையைத் தனி லேயராக எடு" என்று சொன்னால் போதாது, அந்தக் கையின் மேலிருக்கும் துணியையும் மாற்றியாக வேண்டும்.

அடுக்கும் வரிசையில்தான் முதல் முடிச்சு. இந்தப் பெண் கை கட்டியிருக்கும் விதத்தில் அவருடைய வலது முன்கை இடது முன்கைக்கு மேலே போகிறது, வலது உள்ளங்கை இடது மேற்கைக்கு அடியில் செருகியிருக்கிறது. இடது முன்கை அடியில் நுழைந்து, அதன் விரல்கள் வலது மேற்கையின் மேல் வெளிவந்து உட்கார்ந்திருக்கின்றன. இப்போது கேள்வி: வலது கை மேலேயா, இடது கை மேலேயா? நடுவில் வலது மேலே, ஓரங்களில் இடது மேலே. ஒரு கைக்கு ஒரு லேயர் என்று வைத்தால் எந்த வரிசையில் அடுக்கினாலும் ஏதோ ஒரு இடம் தப்பாகும், பிறகு மாஸ்க் போட்டு ஒட்டுப்போட வேண்டிவரும். திரும்பி வந்த படத்தில் இடது கையின் விரல்களைச் சுற்றி அரக்கு மிச்சம் இருந்ததற்கு இந்த ஒட்டுதான் காரணம்.

வழி எளிது. ஒவ்வொரு கையையும் முழங்கையில் இரண்டாக்கிவிடுங்கள். நான்கு துண்டு ஆனதும் வரிசை தானாகச் சரியாகிவிடுகிறது. கீழிருந்து: சட்டையின் உடல், வார், வலது மேற்கை, இடது முன்கையும் விரல்களும், வலது முன்கையும் உள்ளங்கையும், இடது மேற்கை, கடைசியில் முன்முடி. முழங்கையில் வெட்டியது தெரியுமே என்றால், தெரியாது. கை மடங்கும் இடத்தில் துணி கசங்கிக் குவிந்து கிடக்கும், இணைப்பு அந்தக் கசங்கலில் மறைந்துவிடும். மேற்கையின் நடுவில் சமமான துணியில் வெட்டினால்தான் ஆபத்து.

இரண்டாவது முடிச்சு: துணி எங்கிருந்து? பொம்மையின் கைகள் தொங்குகின்றன. தொங்கும் கையின் மடிப்புகள் நீளவாக்கில் லேசாக இறங்கும், கட்டிய கையின் மடிப்புகள் முழங்கையின் உள்பக்கத்திலிருந்து விசிறி போல விரியும். தொங்கும் கைத்துணியை வளைத்து மடக்கி வைத்திருந்தார்கள், படத்தை யாரும் ஒத்துக்கொள்ளாததற்கு இதுவும் ஒரு காரணம். நான் பொம்மைப் படத்திலிருந்து உடலையும் காலரையும் மணிக்கட்டுப் பட்டியையும் மட்டும் எடுத்துக்கொண்டேன். கைகளுக்கு மூலப்படத்தின் அரக்குக் கையையே வைத்து நிறம் மாற்றினேன். மடிப்புகள் எல்லாம் உண்மையானவை, நிலை உண்மையானது, நிறம் மட்டும் வேறு.

இருட்டுத் துணியை வெளிராக்கும்போது நிறத்தை மாற்றி வெளிச்சத்தை ஏற்றினால் போதும் என்று தோன்றும், போதாது. வெளிர் துணியில் ஒரு மடிப்பின் பள்ளத்துக்குள் பக்கத்து மேட்டிலிருந்து வெளிச்சம் தெறித்து விழும், அதனால் அதன் நிழல்கள் ஆழமாக இருக்காது. அரக்குத் துணி வெளிச்சத்தை விழுங்கிவிடும், அதன் பள்ளங்கள் கிட்டத்தட்டக் கருப்பு. அதை அப்படியே உயர்த்தினால் கைகள் மட்டும் வெயிலில் நிற்பது போல முரட்டு நிழலோடும் உடல் நிழலில் நிற்பது போல மென்மையாகவும் வரும். ஆகவே Curves-இல் அடிப்பகுதியைத் தூக்கி, பொம்மைச் சட்டையின் மிக ஆழமான மடிப்பு எவ்வளவு இருட்டோ அதற்கு மேல் கைகளில் எங்கும் போகாமல் பார்த்துக்கொண்டேன். அதோடு கைகளுக்கும் உடலுக்கும் ஒரே மாதிரி இழையமைப்பு வர, பொம்மைச் சட்டையின் சமமான பகுதியிலிருந்து கொஞ்சம் நெசவை எடுத்துக் கைகள் மேல் லேசாகப் பரப்பினேன்.

பிறகு தோல். அரக்குத் துணிக்குப் பக்கத்தில் இருக்கும் தோல் அந்தச் சிவப்பை வாங்கிக்கொள்ளும். மோவாய்க்கு அடியில், செருகியிருக்கும் உள்ளங்கையின் ஓரத்தில், விரல்களின் கீழ்ப்பக்கத்தில் எல்லாம் ஒரு சிவப்பு ஏறியிருந்தது. சட்டை வெளிர்நீலமான பிறகு அந்தச் சிவப்புக்குக் காரணமே படத்தில் இல்லை. அந்த இடங்களில் மட்டும் சிவப்பின் அடர்த்தியைக் குறைத்து, ஒரு துளி வெளிச்சம் கூட்டினேன், வெளிர் சட்டை கீழிருந்து அதிக வெளிச்சம் திருப்பித் தரும் என்பதால். அளவு மிகக் குறைவு, தோல் நீலம் பூசினது போல் ஆகிவிடக் கூடாது. இதை யாரும் தனியாகக் கவனித்துச் சொல்ல மாட்டார்கள், ஆனால் செய்யாவிட்டால் முகம் ஒரு படத்திலிருந்தும் சட்டை இன்னொரு படத்திலிருந்தும் வந்தது போலவே இருக்கும்.

சரிபார்த்தது

இருட்டுப் படத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் உண்டு. அதற்கு, சட்டைக்கு அடியில், மூலப்படத்துக்கு மேலே, பளிச்சென்ற பச்சையில் ஒரு லேயரைச் சட்டையின் வெளிக்கோட்டுக்குள் நிரப்பிப் பார்த்தேன். எங்கே பச்சை எட்டிப் பார்க்கிறதோ அங்கே மூலப்படம் கசிகிறது. அக்குளில் ஒரு புள்ளி, வாருக்கும் முன்கைக்கும் நடுவில் ஒரு கீற்று, இரண்டும் கண்ணால் பார்த்தபோது சிக்காதவை. அப்புறம் எல்லாவற்றுக்கும் மேலே தற்காலிகமாக ஒரு கடுமையான Curves போட்டு, நிறச் செறிவையும் ஏற்றினால் அரக்கு மிச்சம் எங்கே இருந்தாலும் கத்திக்கொண்டு வெளியே வரும். முன்கற்றையின் நுனியில் சில இழைகள் அப்படி மாட்டின. கடைசியாகப் படத்தை இடவலமாகத் திருப்பி, சின்னதாக்கிப் பார்த்தது. ஓரங்களில் தப்பு பெரிதாக்கினால் தெரியும், வெளிச்சத்திலும் உடல் வடிவத்திலும் தப்பு சின்னதாக்கினால்தான் தெரியும்.

சரியாகாமல் விட்டது ஒன்று. வலது மேற்கையின் மேல் இருக்கும் விரல்கள் மூலப்படத்தில் மெல்லிய பருத்தியை அழுத்திப் பள்ளம் போட்டிருக்கின்றன, விறைப்பான சட்டைத் துணியில் அவ்வளவு ஆழமாகப் பள்ளம் விழாது. பள்ளத்தை எடுத்தால் விரல்கள் துணிக்கு மேல் மிதக்கின்றன, விட்டால் துணி மெல்லியதாகத் தெரிகிறது. பாதியாகக் குறைத்து விட்டுவிட்டேன், மிதப்பதைவிட அது மேல்.

படத்தை ஏற்றுக்கொண்ட பிறகு வாடிக்கையாளர் இதே படத்தில் அரைக்கைச் சட்டையும் வேண்டும் என்று கேட்டார். முடியும் வாரும் தயாராக லேயரில் இருக்கின்றன, உடலும் மாற்றிவிடலாம், ஆனால் முன்கைகள் இரண்டும் துணிக்குள் இருக்கின்றன, அடியில் தோலே இல்லை. இன்னொருவருடைய கையை எடுத்து ஒட்டினால் உள்ளங்கையின் நிறத்தோடும் மணிக்கட்டின் தடிமனோடும் ஒத்துப்போக வைப்பது ஒரு புதுப் படம் எடுப்பதைவிட நீண்ட வேலை. அதே பெண், அதே வெளிச்சம், அதே மாதிரி கை கட்டிக்கொண்டு, கையில்லாத உடையில், முடியைப் பின்னால் கட்டி, பை இல்லாமல் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். எந்தக் கை மேலே என்பது மாறக் கூடாது என்று தனியாகக் குறிப்பும் எழுதி, பழைய படத்தையும் இணைத்திருக்கிறேன். வலது முன்கை மேலே இருந்த இடத்தில் இடது வந்துவிட்டால் அந்தப் படம் எதற்கும் உதவாது.